யார் அனுப்பிய பணம் இது? வாடிக்கையாளருக்கு ஒரு விர்ச்சுவல் கணக்கு எண் வாங்கும் வழி

கோவையில் பம்பு மோட்டார் உதிரிபாகங்கள் மொத்த விற்பனை செய்யும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைகள் 230-க்கு மேல். அத்தனை பேரும் ஒரே நடப்புக் கணக்குக்குத்தான் பணம் அனுப்பி வந்தார்கள். அதில் முருகன் பெயரில் மட்டும் மூன்று கடைகள்: தேனியில் ஒன்று, உடுமலையில் ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று.

ஒருநாள் ஸ்டேட்மென்டில் "முருகன் எலெக்ட்" என்று பாதியில் வெட்டுப்பட்ட பெயரோடு 50,000 ரூபாய் வந்திருந்தது. உடுமலைக்காரர் வழக்கமாக 50,000 அனுப்புவார் என்பதால் அவர் கணக்கில் வரவு வைத்தேன். உண்மையில் அனுப்பியது தேனிக்காரர். பாக்கி இருக்கிறது என்று சொல்லி அவருக்குப் போக வேண்டிய சரக்கை நிறுத்தினோம். அது வைகாசி மாதம், அவர் கடையில் கிணற்று மோட்டாருக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு நாள் கழித்துத்தான் அவர் அந்தப் பணப் பரிமாற்றத்தின் தனி அடையாளமான யு.டி.ஆர். எண்ணை அனுப்பி, நான் தவறைக் கண்டுபிடித்தேன். அந்த வாரமே விர்ச்சுவல் கணக்கு எண் வாங்க வங்கிக்குப் போனேன். எல்லாம் ஓடத் தொடங்க ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் எனக்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் இது என்னவென்று சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

விர்ச்சுவல் கணக்கு என்பது தனி வங்கிக் கணக்கு அல்ல. அதில் இருப்பு கிடையாது, செக் புக் கிடையாது. உங்கள் நடப்புக் கணக்கை நோக்கிப் போகும் ஒரு வழி எண், அவ்வளவுதான். வங்கி உங்கள் நிறுவனத்துக்கு ஒரு குறியீடு தரும். அதன் பின்னால் நீங்கள் வாடிக்கையாளரின் எண்ணைச் சேர்த்துக்கொள்கிறீர்கள். 230 வாடிக்கையாளர் என்றால் 230 எண்கள். எந்த எண்ணுக்கு அனுப்பினாலும் பணம் உங்கள் ஒரே கணக்குக்கு வரும். கூடவே எந்த எண்ணுக்கு வந்தது என்ற தகவலும் வரும்.

இது எதனால் வேலை செய்கிறது என்றால், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் வரவாவது கணக்கு எண்ணை வைத்துத்தான். அனுப்புபவர் பெயர் வெட்டுப்பட்டு வரலாம், தம்பி கணக்கிலிருந்து வரலாம், "குறிப்பு" பகுதியை அவர் நிரப்பாமலே விடலாம். ஆனால் கணக்கு எண்ணை மட்டும் அவர் தட்டாமல் பணம் நகராது. நமக்கு வேண்டிய அடையாளத்தை அந்த இடத்திலேயே வைத்துவிடுகிறோம்.

2. வங்கியா, பேமென்ட் கம்பெனியா: இதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தச் சேவையை இரண்டு பக்கத்திலும் தருகிறார்கள். வங்கியில் வாங்கினால் பணம் நேராக உங்கள் நடப்புக் கணக்கில் விழும். பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் வாங்கினால் பணம் முதலில் அவர்களுடைய எஸ்க்ரோ கணக்குக்குப் போய், பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் உங்களுக்கு வரும். அதற்குப் பதிலாக அங்கே வேலை சீக்கிரம் முடியும், ஆவணங்களை ஆன்லைனிலேயே கொடுத்துவிடலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை. ஒரு வரவுக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தால் மொத்த வியாபாரத்துக்கு நல்லது. தொகையில் இத்தனை சதவீதம் என்றால் கவனம். 2 லட்ச ரூபாய் வரவுக்கு அரை சதவீதம் என்றாலே 1,000 ரூபாய். எங்கள் தொழிலில் கிடைக்கும் லாபத்துக்கு அது தாங்காது. நாங்கள் வங்கியில் பேசி, ஒரு வரவுக்கு 6 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று முடித்தோம். முதலில் 15 ரூபாய் கேட்டார்கள். மாதம் சராசரியாக 600 வரவு வருகிறது என்று ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்துக் காட்டியதும் இறங்கினார்கள். தொடக்கக் கட்டணம், மாதக் குறைந்தபட்சக் கட்டணம் ஏதாவது உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக வருகிறதா பாருங்கள்.

ஓ.டி., சி.சி. போன்ற கடன் வசதி வேறொரு வங்கியில் இருந்தால், சேவை வாங்கப்போகும் வங்கியில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடன் உள்ளவர்களுக்கு இன்னொரு இடத்தில் நடப்புக் கணக்கு திறப்பதில் ரிசர்வ் வங்கி விதிகள் உண்டு. விண்ணப்பம் பாதி போன பிறகு இது தெரியவந்தால் எல்லாம் நின்றுபோகும்.

3. ஆவணங்கள்

கிளையில் போய் "விர்ச்சுவல் அக்கவுண்ட்" என்றால் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பல வங்கிகளில் இது கேஷ் மேனேஜ்மென்ட் பிரிவின் வேலை. அந்தப் பிரிவின் ஆளுடைய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இது தெரியாமல் நான் நான்கு நாள் கிளைக்கு அலைந்தேன்.

எங்களிடம் கேட்டவை: சேவை விண்ணப்பம், பான், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, கூட்டாளிகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், முத்திரைத்தாளில் ஒப்பந்தம். தனியார் நிறுவனமாக இருந்தால் கூட்டாளிகள் கடிதத்துக்குப் பதில் இயக்குநர் குழுத் தீர்மானம். எங்கள் கூட்டாளிகளில் ஒருவர் வெளியூரில் இருந்ததால் அந்த ஒரு கையெழுத்துக்கு எட்டு நாள் போனது. கையெழுத்து வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை திரும்பியும் வந்தது. விண்ணப்பத்தில் "அறிக்கை யாருக்கு அனுப்ப வேண்டும்" என்று ஒரு இடம் இருக்கும். ஒருவர் மின்னஞ்சலை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் லீவில் போனால் அன்றைய வரவு யாருக்கும் தெரியாது.

4. எண்ணை அமைப்பது: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

வங்கி தரும் முன்பகுதி எண்களாக மட்டும் இருக்கும்படி கேளுங்கள். சில வங்கிகள் எழுத்துகள் கலந்து தருவார்கள். வாடிக்கையாளர் பயன்படுத்தும் சில வங்கிகளின் ஆப், கணக்கு எண் கட்டத்தில் எழுத்தையே ஏற்காது. ஏற்றாலும் ஆங்கில ஓ எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம் வரும்.

அடுத்து நீளம். மொத்த எண் 15 இலக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் வங்கி அல்ல, எக்செல். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். வங்கி அனுப்பும் கோப்பை நேரடியாகத் திறந்தால் உங்கள் வாடிக்கையாளர் எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிப்போயிருக்கும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் காணாமல் போகும். அதனால் வாடிக்கையாளர் எண்ணை 0001 என்று தொடங்காமல் 1001 என்று தொடங்குங்கள்.

மூன்றாவது, சோதனை இலக்கம். 1283, 1284 இரண்டும் உங்கள் வாடிக்கையாளர்கள் என்று வையுங்கள். 1283-க்காரர் கடைசி இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் பணம் 1284 கணக்கில் வரவாகும். வங்கியைப் பொறுத்தவரை அது சரியான எண்தான். பழைய முருகன் கதை அப்படியே திரும்பி வந்துவிடும். இதைத் தடுக்க, எண்ணின் கடைசியில் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்ட ஒரு இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். டெபிட், கிரெடிட் கார்டு எண்களில் உள்ள லூன் முறையே போதும்.

1283-க்குச் செய்து பார்ப்போம். வலது கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 3 இரட்டித்தால் 6. 8 அப்படியே. 2 இரட்டித்தால் 4. 1 அப்படியே. இரட்டித்து 9-க்கு மேல் போனால் 9-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும், இங்கே அது தேவைப்படவில்லை. கூட்டினால் 19. அடுத்த பத்தின் மடங்கு 20, அதற்கு வேண்டியது 1. ஆக வாடிக்கையாளர் எண் 12831. வங்கி தந்த முன்பகுதி 483917 என்றால் முழு எண் 48391712831.

இப்போது அவர் 8-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றி 12381 என்று தட்டினால்? 1238-க்கு வர வேண்டிய சோதனை இலக்கம் 5, அவர் தட்டியதோ 1. அப்படி ஒரு எண்ணை நாம் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டோம். ஒரே ஒரு இலக்கம் தவறினாலும் இதே கதைதான். 0-வும் 9-ம் அடுத்தடுத்து வந்து இடம் மாறினால் மட்டும் இந்த முறையில் சிக்காது, அப்படி வரும் எண்களை நான் யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டேன்.

A2-இல் நான்கு இலக்க எண் இருந்தால் எக்செலில் சோதனை இலக்கம் இப்படி வரும்:

```
=MOD(10-MOD(MID(A2,1,1)+MID("0246813579",MID(A2,2,1)+1,1)+MID(A2,3,1)+MID("0246813579",MID(A2,4,1)+1,1),10),10)
```

வாடிக்கையாளருக்கு ஒரு எண்ணா, பில்லுக்கு ஒரு எண்ணா என்று கேட்பார்கள். பில்லுக்கு ஒன்று கொடுத்தால் பொருத்துவது சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகப் பயனாளி சேர்க்க வேண்டும், அதற்கு ஓ.டி.பி., காத்திருப்பு எல்லாம் உண்டு. மாதம் நான்கு முறை சரக்கு எடுக்கும் கடைக்காரர் அதைச் செய்ய மாட்டார். திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் என்றால் ஆளுக்கு ஒரு எண், அது மாறவே கூடாது.

5. "சரிபார்ப்பு வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள்

விண்ணப்பத்தில் இதை ஒரு சின்னக் கட்டமாக வைத்திருப்பார்கள். சரிபார்ப்பு இல்லை என்றால், முன்பகுதி சரியாக இருக்கும் எந்த எண்ணுக்கு வந்த பணத்தையும் வங்கி உங்கள் கணக்கில் வரவு வைக்கும். பின்பகுதியில் என்ன தட்டியிருந்தாலும் சரி. அப்போது நீங்கள் போட்ட சோதனை இலக்கம், தவறு நடந்ததைச் சொல்லுமே தவிரத் தடுக்காது.

சரிபார்ப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செல்லுபடியாகும் எண்களின் பட்டியலை நீங்கள் வங்கியின் தளத்தில் ஏற்றுவது. பட்டியலில் இல்லாத எண்ணுக்கு வந்த பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இன்னொன்று, ஒவ்வொரு வரவுக்கும் வங்கியின் கணினி உங்கள் கணினியிடம் ஏ.பி.ஐ. வழியாகக் கேட்பது. உங்களிடம் மென்பொருள் ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது வேண்டாம். உங்கள் சர்வர் பதில் சொல்லாத நேரத்தில் நல்ல பணமும் திரும்பிப் போகலாம். எங்களுக்குப் பட்டியலே போதுமாக இருக்கிறது.

பட்டியலில் ஒரு பொறி உண்டு. புதிய வாடிக்கையாளருக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுப் பட்டியலில் ஏற்ற மறந்தால் அவருடைய முதல் பணமே திரும்பிவிடும். ஏற்றி, வங்கி ஏற்றுக்கொண்ட பிறகுதான் எண்ணை அவருக்குச் சொல்ல வேண்டும்.

6. ஒரு ரூபாய் சோதனை

யாருக்கும் சொல்வதற்கு முன் குறைந்தது ஐந்து வங்கிகளிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். நெஃப்டில், ஐ.எம்.பி.எஸ்.ஸில், யு.பி.ஐ.யில் கணக்கு எண் போட்டு என்று ஒவ்வொரு வழியிலும். ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு மட்டும் குறைந்தது 2 லட்சம் வேண்டும் என்பதால் அதை நம்பிக்கையான ஒரு வாடிக்கையாளரின் உண்மையான பணத்தோடு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் சோதனையில் தெரியவந்த மூன்று விஷயங்கள்:

விர்ச்சுவல் எண்ணுக்கான ஐ.எஃப்.எஸ்.சி. உங்கள் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி.யாக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு வேறாக இருந்தது. பழக்கத்தில் கிளையின் குறியீட்டைப் போட்டவரின் பணம் திரும்பிப் போனது.

நம் வங்கியிலேயே கணக்கு வைத்திருப்பவர், "இதே வங்கிக்கு அனுப்பு" என்ற வழியில் போனால் "கணக்கு இல்லை" என்று வந்தது. வங்கியின் மூலக் கணக்குப் பட்டியலில் அப்படி ஒரு கணக்கு உண்மையிலேயே இல்லையே. அவர்கள் "வேறு வங்கிக்கு" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. எல்லா வங்கியிலும் இப்படி என்றில்லை, உங்கள் வங்கியில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது பெயர். 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் விர்ச்சுவல் எண்ணைப் போட்டால் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். உங்கள் நிறுவனப் பெயர் வரவில்லை என்றால் வாடிக்கையாளர் பயந்து நிறுத்திவிடுவார், அதில் தவறே இல்லை. வங்கியிடம் சொல்லிச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

7. வாடிக்கையாளரிடம் சொல்வது

"எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் மோசடிக்காரர் அனுப்பும் செய்தியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் வெறும் செய்தி அனுப்பி முடித்துவிடாதீர்கள். நான் தினமும் இருபது பேர் என்று போன் செய்தேன். தேனிக்காரரிடம் பேசியபோது, "சார், நீங்கதான் பேசறீங்கன்னு தெரியும், இருந்தாலும் பில்லுல அடிச்சு அனுப்புங்க, அப்புறம் போடறேன்" என்றார். அவர் சொன்னதுதான் சரியான வழி. ஒவ்வொரு பில்லின் அடியிலும் அந்தந்த வாடிக்கையாளரின் எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் அச்சாகும்படி செய்தோம். "இந்த எண் உங்களுக்கு மட்டும், வேறு கடைக்குக் கொடுக்க வேண்டாம்" என்ற வரியையும் சேர்த்தோம். இது முக்கியம். ஒரு ஊரில் அண்ணன் தம்பி இருவரும் தனித்தனிக் கடை வைத்து ஒரே எண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

புதிய பயனாளிக்கு முதல் 24 மணி நேரம் சில வங்கிகள் குறைந்த தொகைதான் அனுப்ப விடும். மாதக் கடைசியில் எண்ணைக் கொடுத்தால் பெரிய தொகைகள் தள்ளிப்போகும். மாதத்தின் முதல் வாரத்தில் கொடுங்கள். பழைய கணக்கு எண்ணை மூடிவிடாதீர்கள். நான்கு மாதம் கழித்தும் பத்தில் ஒருவர் பழைய பயனாளிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

8. தினசரி வேலை

வங்கி அனுப்பும் அறிக்கையில் விர்ச்சுவல் எண், தொகை, அனுப்பியவர் பெயர், யு.டி.ஆர். எண், நேரம் ஆகியவை இருக்கும். கோப்பை இரண்டுமுறை தட்டித் திறக்காமல், எக்செலில் "டேட்டா" வழியாக உள்ளே எடுத்து எண் பத்தியை "டெக்ஸ்ட்" என்று குறித்துவிடுங்கள். டேலியில் ஒவ்வொரு லெட்ஜருக்கும் மாற்றுப்பெயர் கொடுக்கும் இடத்தில் விர்ச்சுவல் எண்ணைப் போட்டு வைத்தேன். வரவு வைக்கும்போது அந்த எண்ணைத் தட்டினால் கடைப் பெயர் வந்துவிடும். மூன்று முருகன்களும் அதன்பின் கலக்கவே இல்லை.

நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, ராத்திரியும் விடுமுறையிலும் ஓடுகிறது. அதனால் ஒரே வரவு இன்றைய மாலை அறிக்கையிலும் நாளைக் காலை அறிக்கையிலும் வரலாம். யு.டி.ஆர். எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வரவு வைக்க வேண்டும். தொகையை வைத்துப் பார்க்காதீர்கள், ஒரே நாளில் இரண்டுமுறை 25,000 அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

இந்த எண் யார் அனுப்பினார் என்பதைத்தான் சொல்லும், எந்தப் பில்லுக்கு என்பதைச் சொல்லாது. தேனிக்காரருக்கு 18,400, 32,750, 9,600 என்று மூன்று பில் நிலுவை இருந்தது. அவர் 50,000 அனுப்பினார். எந்தக் கூட்டுக்கும் அது ஒத்துவராது. பழைய பில் முதலில் என்பது எங்கள் வழக்கம் என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம். அதன்படி 18,400 தீர்ந்தது, மீதி 31,600 இரண்டாவது பில்லுக்குப் போய் அதில் 1,150 பாக்கி நின்றது. இந்தக் கணக்கு விவரத்தை அன்றே அவருக்கு அனுப்பிவிட்டேன். வரி பிடித்துக்கொண்டு குறைத்து அனுப்புபவர்களுக்கு அந்தச் சிறு வித்தியாசத்தைத் தனி வரியாக எழுதிவையுங்கள், பாக்கியாக விட்டால் வருடக் கடைசியில் வாக்குவாதம் வரும்.

செக்கும் கையில் கட்டும் ரொக்கமும் எங்களுக்கு இன்னும் பழைய நடப்புக் கணக்கு எண்ணில்தான். உங்கள் வங்கி அதற்கும் விர்ச்சுவல் எண்ணை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. வியாபாரத்தை விட்டுப் போனவரின் எண்

அதைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். பழையவரின் போனில் அந்தப் பயனாளி இன்னும் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய பாக்கியை அவர் தீர்க்க நினைத்தால் பணம் புதியவர் கணக்கில் விழும். நான்கு இலக்கத்தில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. பாக்கி இருக்கும் வரை பட்டியலில் வைத்திருங்கள், தீர்ந்த பிறகு நீக்கிவிடுங்கள். அதற்குமேல் அவர் தெரியாமல் அனுப்பினாலும் பணம் அவர் கணக்குக்கே திரும்பிப் போய்விடும்.